தூக்க முடியவில்லையா, திறக்க முடியவில்லையா?

ஒரே நாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் பெயிண்டர், வயது 46. கல்யாண மண்டபம் ஒன்றின் சீலிங்குக்கு நான்கு நாள் தொடர்ந்து ரோலர் ஓட்டியிருக்கிறார். அடுத்து வந்தவர் கணக்கு டீச்சர், வயது 53, எட்டு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இருவருமே வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இருவரும் சொன்ன முதல் வார்த்தையும் ஒன்றுதான்: “கையத் தூக்க முடியல.” அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இருவருக்குமே தூக்கம் கலைகிறது. இருவரிடமும் அக்கம்பக்கத்தார் வாயுப் பிடிப்பு என்றிருக்கிறார்கள். டீச்சர் கையில் ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்றும் இருந்தது. தோளின் தசைநாணில் லேசான கிழிசல் என்று அதில் எழுதியிருந்தது. ஜவ்வு கிழிந்துவிட்டதே என்று அவர் பயந்துபோயிருந்தார்.

பிசியோதெரபிஸ்டாக நான் தினமும் பார்க்கும் குழப்பம் இதுதான். சொல்லும் குறை ஒன்றாக இருக்கிறது, உள்ளே கெட்டிருக்கும் இடம் வேறு வேறாக இருக்கிறது. ஒருவருக்குக் கையைத் தூக்கும் இயந்திரத்தில் எரிச்சல். இன்னொருவருக்கு இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சுற்றிய உறை சுருங்கிவிட்டது. ஒருவருக்குச் சொல்லும் வைத்தியத்தை மற்றவருக்குச் செய்தால் வலி கூடும். ஆனால் இரண்டையும் பிரித்தறிய ஒரு நாற்காலியும், பொறுமையாகப் பிடிக்கும் இன்னொருவர் கையும் இருந்தால் பெரும்பாலும் போதும்.

முதலில் பெயிண்டர். கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தச் சொன்னேன். இடுப்புக்கு மேல் வரும்வரை ஒன்றுமில்லை. ஏறக்குறைய 70 டிகிரியில் முகம் சுருங்கியது, மூச்சைப் பிடித்துக்கொண்டார். 120 தாண்டியதும் முகம் தெளிந்தது. கை காதோரம் போய் நின்றது. “மேல போயிட்டா வலி இல்ல சார். எறக்கும்போதுதான் உயிர் போகுது,” என்றார். இறக்கும்போது அதே இடத்தில் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். பாதி வழியில் மட்டும் வலி, அதற்குக் கீழேயும் மேலேயும் நிம்மதி. ஏறக்குறைய 60 டிகிரியில் தொடங்கி 120 வரை நீளும் இந்த வலி வளைவு, தோளைத் தூக்கும் தசைநாண்களில் எரிச்சல் இருப்பதற்கான பழைய, நல்ல அடையாளம்.

ஏன் பாதி வழியில்? தோள்மூட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது புரியும். இடுப்பு மூட்டில் ஆழமான கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்திருக்கிறது. தோளில் கிண்ணம் கிடையாது. தட்டையான, சிறிய தட்டு ஒன்றின்மேல் பெரிய பந்து சாய்ந்து நிற்கிறது. எந்த நேரத்திலும் பந்தின் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் கால் பங்குதான் அந்தத் தட்டைத் தொடுகிறது. உடம்பிலேயே அதிகமாகச் சுழலும் மூட்டு இது. அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை, பந்து எப்போது வேண்டுமானாலும் நழுவலாம் என்பது.

பெயிண்டருக்கு நான் இதை ஏணியை வைத்துச் சொன்னேன். தரையில் கிடக்கும் நீளமான ஏணியைச் சுவரில் நிமிர்த்தும்போது ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டே நடந்து வருவார், இன்னொருவர் ஏணியின் அடியில் காலை மிதித்துக்கொண்டு நிற்பார். மிதிப்பவர் இல்லாவிட்டால் தூக்கத் தூக்க ஏணி வழுக்கிக்கொண்டே போகும். தோளில் தூக்குபவர், வெளியே தெரியும் டெல்டாய்டு என்ற பெரிய தசை. மிதிப்பவர்கள் உள்ளே இருக்கும் நான்கு சிறிய தசைகள். தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி, பந்தின் முன்னும் மேலும் பின்னும் சட்டைக் கைமடிப்பு போலச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் அவற்றுக்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். டெல்டாய்டு இழுக்கும்போது பந்து மேலே ஏறித் தோளின் கூரையில் இடிக்காமல், தட்டின் நடுவிலேயே அழுத்திப் பிடிப்பது இவற்றின் வேலை. நான்கில் மேலே ஓடும் தசையின் நாண்தான் அதிகம் அடிபடுகிறது. சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள அது, தோள்முகட்டு எலும்புக்கும் பந்துக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகப் போகிறது. அந்தச் சந்தில் உராய்வைக் குறைக்க ஒரு மெல்லிய திரவப்பையும் உண்டு.

கை தொங்கிக்கொண்டிருக்கும்போது அதன் பாரம் தோளுக்குப் பெரிதாகத் தெரியாது. பக்கவாட்டில் நேராக நீட்டினால், 60 கிலோ எடையுள்ளவரின் ஏறக்குறைய 3 கிலோ கை முழுவதும் தோளிலிருந்து விலகி நீண்டு நிற்கிறது. துலாக்கோலில் எடையை ஓரத்துக்குத் தள்ளியது போல. கை காதை நெருங்கியதும் பாரம் மறுபடி தோளுக்கு நேர் மேலே வந்துவிடுகிறது, நெம்புகோல் சுருங்குகிறது. எரிச்சலுள்ள நாண் நடுவில் கத்துவதற்கு இது ஒரு காரணம். அந்த வாக்கில் நாணும் திரவப்பையும் சந்துக்குள் நெருக்கப்படுவது இன்னொரு காரணம்.

இந்த நெருக்கலே முழுக் காரணம் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1972-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்ல்ஸ் நீர், முகட்டு எலும்பு நாணை உரசுகிறது, அந்த எலும்பின் அடியைச் செதுக்கினால் சரியாகும் என்று எழுதினார். உலகம் முழுவதும் அந்த அறுவை சிகிச்சை நடந்தது. பிரிட்டனிலும் பின்லாந்திலும் தனித்தனியே நடந்து 2018-இல் வெளியான ஆய்வுகளில், ஒரு பகுதியினருக்கு எலும்பைச் செதுக்கினார்கள், இன்னொரு பகுதியினருக்குக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் மூடினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. வலி குறைந்ததில் இரு பகுதியினருக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. இப்போது அந்த நோவை உரசல் என்பதைவிட, பழக்கத்துக்கு மீறிய சுமையால் நாண் சோர்ந்து எரிவது என்று பார்க்கிறோம். நான்கு நாள் சீலிங் அடித்தவருக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

பிறகு பெயிண்டரைப் படுக்கவைத்து, “நீங்க தூக்காதீங்க, கையை என்கிட்ட விட்ருங்க,” என்றேன். நானே தூக்கினேன். கை தலைக்கு மேல் மெத்தையைத் தொடும் அளவுக்கு, கிட்டத்தட்ட 170 டிகிரி போயிற்று. வழியில் லேசாக முனகினார், ஆனால் எங்கும் தடை இல்லை. கதவு நன்றாகத்தான் திறக்கிறது, திறப்பவருக்குத்தான் வலிக்கிறது.

இனி டீச்சர். அவர் கையை உயர்த்தியபோது கண்ணில் பட்டது கை அல்ல, தோள். கை 95 டிகிரியில் நின்றது. அதற்குள் தோள்பட்டை முழுவதும் காதை நோக்கி ஏறிவிட்டது. படுக்கவைத்து நான் தூக்கியபோது இன்னும் 5 டிகிரிதான் கிடைத்தது. அதற்குமேல் தோல் வாரை இழுத்து நிறுத்தியது போல ஒரு தடை. அவர் தூக்கினாலும் நான் தூக்கினாலும் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பாதி வழி வலி, அப்புறம் நிம்மதி என்ற கதையே இங்கே இல்லை. கை போகும் தூரத்தின் கடைசியில்தான் அவருக்கு வலித்தது.

அடுத்துச் செய்ததுதான் முக்கியமான சோதனை. இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டவைத்து, செங்கோணமாக மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி வைத்துக்கொள்ளச் சொன்னேன். தாம்பாளம் ஏந்தி நிற்கும் கோலம். இப்போது முழங்கை விலாவை விட்டு நகராமல், இரட்டைக் கதவைத் திறப்பதுபோல இரு முன்கைகளையும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இடது கை 60 டிகிரி திறந்தது. வலது கை 10-இல் நின்றது. நானே மெதுவாகத் திறந்து பார்த்தேன், அங்கேயும் 10 தான். பெயிண்டருக்கு இரண்டு கையும் ஒன்றுபோலத் திறந்திருந்தன. இந்த அசைவில் யாரும் எதையும் உயரத் தூக்குவதில்லை, கை முகட்டின் அடியில் போவதும் இல்லை. ஆகவே நாணில் மட்டும் எரிச்சல் உள்ளவருக்கு இது அநேகமாகத் திறந்துவிடும். இதுவே திறக்க மறுத்தால் உறையைச் சந்தேகிக்க வேண்டும்.

டீச்சருக்கு வந்திருப்பது உறைந்த தோள், ஃப்ரோசன் ஷோல்டர். பந்தையும் தட்டையும் சேர்த்துச் சுற்றிலும் ஒரு மூட்டுறை மூடியிருக்கிறது. கை தொங்கும்போது அக்குள் பக்கத்தில் அந்த உறை மடிப்பு மடிப்பாகத் தொளதொளவென்று இருக்கும். கையைத் தூக்கத் தூக்க அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். அக்குளில் துணி விடாமல் இறுக்கித் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள். கொஞ்ச தூரம் போனதும் கையோடு சட்டை முழுவதும் மேலே ஏறும். டீச்சரின் தோள்பட்டை காதை நோக்கி ஏறியது அதனால்தான். மூட்டுக்குள் அசைவு கிடைக்காததால் பட்டை எலும்பையே சேர்த்து இழுத்துத் தூக்கினார். அந்த உறைக்குள் சாதாரணமாக 15 மில்லிக்கு மேல் திரவம் ஏற்ற முடியும். உறைந்த தோளில் 10 மில்லிகூட ஏறாமல் எதிர்த்து நிற்பதுண்டு. உறையின் முன்மேல் பகுதியில் ஒரு தசைநார் இருக்கிறது. சுருக்கம் அங்கே கடுமையாக இருக்கும். முன்கையை வெளியே திறக்கும்போது நேராக இழுபடுவது அதுதான். அதனால்தான் எல்லா அசைவுகளுக்கும் முன்னால், எல்லாவற்றையும்விட அதிகமாக, திறக்கும் அசைவு பறிபோகிறது.

உள்ளே நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். தோலில் வெட்டுப்பட்டால், காயத்தின் இரு ஓரங்களையும் இழுத்துச் சேர்க்கச் சுருங்கும் தன்மையுள்ள சில செல்கள் அங்கே வருகின்றன. நார்ப்பொருளை நெய்துகொண்டே அதை இறுக்குகின்றன. உறைந்த தோளில் முதலில் உறை அழன்று சிவக்கிறது, புது ரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் முளைக்கின்றன. பிறகு அதே வகைச் செல்கள், மூடுவதற்கு எந்தக் காயமும் இல்லாத இடத்தில் காயத்தை மூடும் வேலையில் இறங்குகின்றன. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது. ரத்தத்தில் வெகுநாள் கூடுதலாக இருக்கும் சர்க்கரை, நார்களில் ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்கிவிடுகிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும், எலும்பு முறிவுக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு கையை அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். வயது பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் நடுவில், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஜப்பானில் இதற்கு ‘ஐம்பது வயதுத் தோள்’ என்றே பெயர்.

மருத்துவம் இதைப் புரிந்துகொள்ளவும் நாளாயிற்று. 1872-இல் பிரான்சின் தூப்ளே இதை மூட்டைச் சுற்றிய அழற்சி என்றார். 1934-இல் பாஸ்டனில் இருந்த காட்மன் ‘உறைந்த தோள்’ என்ற பெயரை வைத்தார். 1945-இல் நெவியாசர், கோளாறு மூட்டுறையில்தான் என்று காட்டினார். உறை எலும்போடு ஒட்டிக்கொள்கிறது என்று எண்ணி அவர் வைத்த பெயரில் ‘ஒட்டும்’ என்ற சொல் இருக்கிறது. பிற்பாடு குழாய் விட்டுப் பார்த்தபோது உறை பெரும்பாலும் ஒட்டியிருக்கவில்லை, தடித்துச் சுருங்கித்தான் இருந்தது. இந்த வேறுபாடு முக்கியம். ஒட்டியதை ஒரே இழுப்பில் பிரிக்கலாம். சுருங்கியதை அப்படி இழுத்தால் கோபித்துக்கொள்ளும்.

நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு அங்கேதான். கை பிடித்துக்கொண்டது என்றதும் யாராவது பிடித்து இழுத்துவிடுகிறார்கள். டீச்சருக்கும் அப்படி ஒருவர் இரண்டு வாரம் இழுத்துவிட்டிருந்தார், ஒவ்வொரு முறையும் அன்றிரவு அவர் தூங்கவில்லை. நெதர்லாந்தில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வு 77 உறைந்த தோள்காரர்களைப் பின்தொடர்ந்தது. ஒரு பகுதியினர் வலிக்காத எல்லைக்குள் மட்டும் கையை ஆட்டினார்கள். மற்றவர்களை வலியைத் தாண்டி இழுத்துப் பயிற்சி செய்ய வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, மெதுவாகப் போனவர்களில் 89 சதவீதம் பேருக்குத் தோள் நன்றாக வேலை செய்தது. இழுத்தவர்களில் 63 சதவீதம்தான். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத சிறிய ஆய்வு அது. இருந்தாலும் என் மேஜையில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

ஆகவே இருவருக்கும் எதிரெதிரான வேலை. பெயிண்டரிடம் கையைத் தொட்டிலில் கட்டி ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. சுமை இல்லாத நாண் இன்னும் பலவீனமாகும். சீலிங் வேலையை மட்டும் சில வாரம் விட்டுவிட்டு, சுவர் வேலையில் நீளமான கழி மாட்டி, முழங்கை தோளுக்குக் கீழேயே இருக்கும்படி அடிக்கச் சொன்னேன். பயிற்சிக்கு, மடித்த துண்டை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்து, மணிக்கட்டின் பின்புறத்தால் கதவு நிலையை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். கை நகராது, தசை மட்டும் வேலை செய்யும். 30 விநாடி, ஐந்து முறை. இரண்டு வாரத்தில் ரப்பர் பட்டை, பிறகு தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து உயர்த்துவது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது விதி. அடங்காவிட்டால் பாதியாகக் குறைக்க வேண்டும். பன்னிரண்டாவது வாரம் அவர் மறுபடி சீலிங் அடித்தார்.

டீச்சருக்கு ரப்பர் பட்டையே கொடுக்கவில்லை. இரவு வலி அடங்காத அந்த முதல் கட்டத்தில் பலப்படுத்தும் பயிற்சி வீண். எலும்பு மருத்துவர் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். ஆரம்பத்திலேயே போட்டால் வலியை நன்றாகத் தணிக்கும். சர்க்கரை சில நாள் ஏறும் என்பதால் தினமும் பரிசோதித்து எழுதிவைக்கச் சொன்னார். தூக்கம் திரும்பியது. அதன்பிறகு குனிந்து, கையைத் தளரத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் ஆட்டுவது, மேஜைமேல் கையை வைத்துத் துணியால் துடைப்பதுபோல் முன்னே நகர்த்துவது, குடைக் கம்பியை இரு கைகளாலும் பிடித்து நல்ல கையால் மற்றதை மெல்ல வெளியே தள்ளுவது. எல்லாம் வலி தொடங்கும் இடம்வரை மட்டும்.

அவர் பயந்த கிழிசலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயது ஏற ஏற, வலியே இல்லாதவர்களின் தோளைப் படம் எடுத்தாலும் நாணில் கிழிசல் தென்படுவது சகஜம். நரைமுடி மாதிரி. வெளிப்பக்கம் திறக்காத தோளுக்கு அந்த லேசான கிழிசல் விளக்கமே ஆகாது. ரிப்போர்ட்டை மட்டும் படித்துவிட்டு வைத்தியத்தைத் தொடங்கியிருந்தால், நாணைப் பலப்படுத்துகிறேன் என்று உறையை இன்னும் சீண்டியிருப்போம்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. உறைந்த தோள் தொடங்கிய முதல் சில வாரங்களில் கை ஓரளவு திறக்கும், வலி மட்டும் இருக்கும், அப்போது பெயிண்டர் வகை போலவே தெரியும். அதனால் மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பேன். மூட்டுத் தேய்மானத்திலும், வலிப்பு வந்தபின் பந்து பின்பக்கம் நழுவிச் சிக்கிக்கொண்டாலும் இதேபோலக் கை திறக்காது. ஆகவே ஒரு எக்ஸ்ரே அவசியம். உறைந்த தோளில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். கீழே விழுந்த பிறகு கை திடீரென்று தூக்க வராமல், மற்றவர் தூக்கினால் மட்டும் போகிறது என்றால் நாண் முழுவதுமாக அறுந்திருக்கலாம். அதை மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. கையை எப்படி அசைத்தாலும் மாறாத இடது தோள் வலி, நடக்கும்போதோ படி ஏறும்போதோ வந்தால், தோளை விட்டுவிட்டு உடனே இதயத்தைப் பார்க்க வேண்டும்.

டீச்சருக்குச் சலிப்பு தந்தது காலம்தான். உறைவது, உறைந்து கிடப்பது, இளகுவது என்ற மூன்று கட்டங்களும் சேர்ந்து ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை ஆகலாம். பலருக்கு முழுதாகவே திரும்பும், சிலருக்குக் கடைசியில் கொஞ்சம் விறைப்பு தங்கிவிடும். மாதங்கள் கடந்தும் அசையாதவர்களுக்கு மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்துவிடுவது, குழாய் வழியே உறையை வெட்டித் தளர்த்துவது என்ற வழிகள் உண்டு. பிரிட்டனில் இவ்விரண்டையும், ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபியையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், மற்றவற்றை எல்லா வகையிலும் மிஞ்சும் முறை என்று ஒன்றும் தேறவில்லை. டீச்சர் காத்திருப்பதென்று முடிவு செய்தார்.

அவர் கணக்கு டீச்சர் அல்லவா, வகுப்பில் வைத்திருக்கும் பெரிய மரக் கோணமானியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொள்வார். மகள் அளந்து சொல்ல, கோடு போட்ட நோட்டில் எழுதுவார். முதல் நான்கு மாதம் 10, 10, 8, 10. ஆறாவது மாதம் 15. எட்டில் 20, பத்தில் 30. பதினோராவது மாதம், பேருந்தின் மேல்கம்பியைப் பிடிக்க முடிந்தது என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் குறித்திருந்தார். பதினான்காவது மாதம் 45. தானே பின்னல் போட்டுக்கொண்டு வந்திருந்தார், பூவும் வைத்திருந்தார்.

“இந்தத் தோளுக்கே திரும்ப வருமா?” என்று கேட்டார்.

“அதே தோள்ல மறுபடி வர்றது ரொம்ப அபூர்வம் டீச்சர். அடுத்த தோள்ல வர்றது உண்டு. சுகர் இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாவே வரும். அப்படி வந்தா சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டா ஊசி நல்லா கேட்கும்.”

நோட்டைப் பிரித்து, அடுத்த பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரு கோடு கிழித்தார். மேலே ‘இடது’ என்று எழுதி, தாம்பாளம் ஏந்துவதுபோல் கையை மடக்கிக்கொண்டு, “அளங்க,” என்றார். 60 இருந்தது.